கதை + சந்தேகம்: வெட்டாத சோளமும் விற்காத மாடும் கணக்கில் எப்படி வரும்?

மலர்_சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தை வைத்து ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையில் கணக்கு வருகிறது, நான் கணக்குக்காரி இல்லை. முக்கியமான பகுதியை மட்டும் கீழே போடுகிறேன், தப்பு இருந்தால் கிழித்துத் தொங்கவிடுங்கள், கோபப்பட மாட்டேன்.

*நோட்டை கோமதி மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டாள். பால் விற்றது 5,200 வெள்ளி. மாட்டுத் தீனி, ஊசி மருந்து எல்லாம் 3,900. சோளத்துக்கு விதை, உரம், உழவு, கூலி 6,500. எப்படிக் கூட்டினாலும் 5,200 வெள்ளி நட்டம்தான் வந்தது.*

*அப்பாவும் சித்தப்பாவும் கூட்டாகச் செய்த விவசாயம் டிசம்பர் 31ஓடு முடிகிறது. சித்தப்பா மகனோடு ஜொகூருக்குப் போகிறார். "நட்டத்துல பாதி உன் தலையில, 2,600 வெள்ளி குடுத்துட்டுப் போ"ன்னு அப்பா சொல்லவில்லை, ஆனால் நோட்டைத் திறந்தே வைத்திருந்தார். சித்தப்பா தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.*

*பக்கத்து வீட்டுத் தாத்தா தோட்ட ஆபீசில் முப்பது வருடம் கிராணியாக இருந்தவர். நோட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். "இதுல மாடு எங்க?" என்றார்.*

*"மாடு கொட்டகையில தாத்தா."*

*"அது தெரியுது. நோட்டுல எங்க? போன ஜனவரி கூட்டு ஆரம்பிச்சப்போ மாட்டை விலை மதிச்சுத்தானே முதல்னு எழுதினீங்க? 6 பெரிய மாடு, ஒண்ணு 4,000, 4 கிடாரி, ஒண்ணு 2,000. ஆக 32,000. இந்த வருசம் அது தின்ன தீனியை மட்டும் எழுதியிருக்க, தின்னு வளந்ததை எழுதலையே. சோளத்துக்குப் போட்ட உரத்தை எழுதியிருக்க, நிக்கிற சோளத்தை எழுதல. இன்னிக்கு ராத்திரி ஒருத்தன் வந்து கொட்டகையையும் காட்டையும் அப்படியே கேட்டா சும்மாவா குடுப்பீங்க?"*

*மறுநாள் காலை இருவரும் மாட்டுத் தரகரிடம் போனார்கள். அவர் தரகு கழித்து விலை சொன்னார்: பெரிய மாடு 4,200. கிடாரிகளுக்கு இப்போது இரண்டு வயது, ஒன்று 3,300. இந்த வருடம் பிறந்த மூன்று கன்றுகள் தலைக்கு 700. கோமதி வழியிலேயே மனக்கணக்கு போட்டாள். 40,500. தீனி தின்ற மாடுகள் 8,500 வெள்ளி கூடியிருந்தன.*

*பிறகு சோளக்காடு. அறுவடைக்கு இன்னும் பத்து நாள். இரண்டு ஏக்கர், வரிசைக்கு வரிசை 75 சென்டிமீட்டர். தாத்தா காட்டின் பத்து இடங்களில் வரிசையோடு 10 மீட்டர் கயிறு பிடிக்கச் சொல்லி, விற்கிற மாதிரி இருக்கும் கதிரை மட்டும் எண்ணச் சொன்னார். ஓரத்து வரிசையிலேயே நின்று எண்ணாதே, அங்கே வெயில் அதிகம், கதிர் ஏமாற்றும் என்றார். சராசரி 26 கதிர். இரண்டு ஏக்கருக்கு அப்படி 1,080 துண்டு, சுமார் 28,000 கதிர். லோரிக்காரர் காட்டிலேயே வந்து எடுக்கிற விலை கதிருக்கு 60 சென், 16,800 வெள்ளி. மழை, பூச்சி, பன்றி என்று பத்தில் ஒரு பங்கைத் தாத்தா தள்ளினார். 15,120. இனி ஆகப்போகும் காவல், கதிர் ஒடிக்கிற கூலி, சாக்கு 2,200. தரகு நூற்றுக்கு 5, அது 756. மிச்சம் 12,164.*

*நட்டம் 5,200 என்று இருந்த நோட்டில் மாடு கூட்டியது 8,500, நிற்கிற சோளம் 12,164. 15,464 வெள்ளி லாபம். சித்தப்பா பங்கு 7,732.*

*"செம்பனை மரமும் அப்படித்தான் பிள்ளை, அதையும் சந்தை விலைக்குப் போடணும்" என்றார் தாத்தா.*

*அப்பா நோட்டை மூடினார். எதுவும் பேசவில்லை.*

இதற்கப்புறம் ஜனவரி 3ஆம் தேதி இரவு காட்டுப்பன்றி புகுந்து அரை ஏக்கர் சோளத்தை நாசம் பண்ணுகிறது. சித்தப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய பணம் குறையுமா குறையாதா என்பதில்தான் கதை முடிய வேண்டும். எப்படி முடிப்பது?

---

கெடா_ராஜு

கதை நல்லா இருக்கு மலர். ஆனா செம்பனைக்குள்ள மாடு மேய்க்கவே எங்க பக்கம் விடல. இளம் மட்டையைக் கடிக்குதுன்னு சொல்லி புடிச்சுக் கட்டிட்டாங்க, தண்டம் கட்டித்தான் மீட்டோம். எங்க அப்பா 14 மாடு வச்சிருந்தார், கடைசில 5. உங்க கதையில அந்தப் பிரச்சினை வருமா? கன்று 700க்கு எங்க கிடைக்குதுன்னும் சொல்லுங்க, நான் வாங்கிக்கிறேன்.

---

மலர்_சிப்புட்

ராஜு அண்ணே, இவர்கள் சொந்த நிலத்தில் கட்டி வளர்க்கிறார்கள், தோட்டத்து மாடு இல்லை. விலையெல்லாம் கதைக்காக நான் போட்டது, அதை நம்பி யாரும் வாங்கக் கிளம்ப வேண்டாம் 😅

---

பினாங்கு_சேகர்

நான் ஒத்துக்க மாட்டேன். விற்காத மாட்டில் என்ன லாபம்? நாளைக்கே ஒரு மாடு செத்தால் அந்த லாபத்தை எங்கே தேடுவீர்கள்? பணம் கைக்கு வந்தால்தான் வருமானம், எங்கள் கடையில் சாமான் அலமாரியில் இருக்கும்வரை வாங்கின விலையில்தான் எழுதுகிறோம். தாத்தா 8,500 வெள்ளியைக் காற்றிலிருந்து எடுத்திருக்கிறார். இன்னொன்று, ஜனவரியில் அதே சோளத்தை விற்றதும் பணம் வரும், அதையும் லாபம் என்று எழுதினால் ஒரே சோளத்துக்கு இரண்டு தடவை லாபமா?

---

கணக்கு_அக்கா

மலர், கதைக்கு வாழ்த்து. தோட்டக் கம்பெனிக் கணக்கு தணிக்கை பண்ணுகிற வேலையில் 18 வருடம் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சேகருக்கு. கடைச் சாமானுக்கும் கன்றுக்கும் வித்தியாசம் இருக்கிறது தம்பி. அலமாரியில் இருக்கிற பால்டின் தானாக வளராது, குட்டி போடாது. அதன் மதிப்பை உண்டாக்குவது விற்பனைதான், அதனால் விற்கும்வரை வாங்கின விலை போதும். கிடாரி விஷயத்தில் மதிப்பு உண்டாவது கொட்டகையில், வருடம் முழுக்க. விற்பனை கடைசி அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தில் இரண்டு வருட லாபத்தையும் கொண்டுபோய் வைத்தால், வளர்த்த வருடத்தில் நட்டமும் விற்ற வருடத்தில் பெரிய லாபமும் தெரியும், இரண்டுமே பொய். நம் நாட்டுக் கணக்கு விதியான எம்.எஃப்.ஆர்.எஸ். 141 சொல்வது இதைத்தான்: உயிருள்ள மாட்டையும் நிற்கிற பயிரையும் கணக்கு முடிகிற தேதியில் நியாய விலைக்கு, அதாவது அன்றைய சந்தை கொடுக்கிற விலைக்குப் போட்டு, விற்கிற செலவைக் கழித்து, போன தேதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வருட லாப நட்டத்தில் காட்டு.

இரண்டு தடவை லாபம் வராது. மலர் கதையில் பன்றி வராமல் சோளம் 16,000க்குப் போனது என்று வையுங்கள். தரகு 800, மிச்ச வேலைக்கும் கூலிக்கும் 2,200 போனால் கையில் 13,000. டிசம்பரிலேயே 12,164 எழுதியாகிவிட்டது. புது வருடத்துக்குச் சேர்வது 836 மட்டும். கைக்குக் குறைவாக வந்திருந்தால் புது வருடத்தில் நட்டம் எழுத வேண்டும், சேகர் சொன்ன செத்த மாடும் அப்படித்தான் விழும்.

மாட்டு லாபம் 8,500 காற்றிலிருந்து வரவில்லை என்றாலும் சேகரின் சந்தேகத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரிய மாடு ஆறும் அதே மாடுதான், வளரவில்லை, விலை 200 ஏறியது, ஆக 1,200 வெறும் சந்தை ஏற்றம். கிடாரியில், ஒரு வயதுக் கிடாரி விலை ஜனவரியில் 2,000, டிசம்பரில் அதே ஒரு வயதுக்கு 2,200 என்று தரகர் சொல்வதாக வையுங்கள். அப்படியானால் நாலுக்கு 800 விலை ஏற்றம். ஒரு வயதிலிருந்து இரண்டு வயதானதற்கு 3,300இல் 2,200 போக 1,100, நாலுக்கு 4,400, இது வளர்ச்சி. கன்று மூன்றும் பிறப்பு, 2,100. ஆக 8,500இல் சந்தை கொடுத்தது 2,000, மாடு கொடுத்தது 6,500. சந்தை கொடுத்தது அடுத்த மாதமே இறங்கலாம். மாடு வளர்ந்தது இறங்காது, நோய் வந்தால் தவிர. கோமதி இந்தப் பிரிவை அப்பாவிடம் காட்டினால் கதையில் இன்னும் எடுபடும் என்று நினைக்கிறேன்.

தாத்தா ஒரு இடத்தில் தப்பு பண்ணிவிட்டார். செம்பனை. அதற்குத் தனியாக எழுதுகிறேன், இப்போது சமைக்கப் போக வேண்டும்.

---

தைப்பிங்_தேவா

அக்கா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், விற்கிற செலவு என்றால் லோரி வாடகை, கதிர் ஒடிக்கிற கூலி, தரகு எல்லாம் சேர்ந்து. மலர் லோரி வாடகையை விட்டுவிட்டீர்கள். அப்புறம் மாட்டுக்கு டிசம்பர் விலை போட்டது முதலாளிக்கு நட்டம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னால் குர்பானுக்கு நல்ல விலை போகும், அப்போதுதான் விற்கப் போகிறார்கள் என்றால் அந்த விலையைத்தானே போட வேண்டும்?

---

கணக்கு_அக்கா

தேவா, பாதி சரி. தரகு மட்டும்தான் விற்கிற செலவு. லோரி வாடகை அதில் வராது, அது விலையிலேயே கழியும்: ஈப்போ பாசார் விலையை எடுத்தால் ஈப்போ வரை கொண்டுபோகும் செலவைக் கழித்துவிட்டு வருவதுதான் காட்டின் விலை. மலர் கதையில் லோரிக்காரர் காட்டுக்கே வந்து 60 சென்னுக்கு எடுக்கிறார், அதனால் வாடகையைக் கழிக்கக் கூடாது, கழித்தால் இரண்டு தடவை கழித்ததாகும். கதிர் ஒடிக்கிற கூலியும் விற்கிற செலவு இல்லை, ஆனால் இன்னும் பத்து நாளில் செய்ய வேண்டிய செலவு, நிற்கிற காட்டை வாங்குகிறவன் அதை மனதில் வைத்துத்தான் கேட்பான். அதனால் மலர் கழித்தது சரி, பெயர்தான் வேறு.

ஹஜ்ஜுப் பெருநாள் விலை கூடாது. டிசம்பர் 31 அன்று அந்த மாட்டுக்கு அன்றைய சந்தை என்ன கொடுக்கும் என்பதே கேள்வி. பெருநாள்வரை வளர்க்கிற தீனியும் அபாயமும் இன்னும் நடக்கவில்லை. பெருநாள் வருவது தெரிந்த தரகர் டிசம்பரிலேயே கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் அது அந்த 4,200க்குள்ளேயே இருக்கும்.

இப்போது செம்பனை. முன்பு 141 விதியில் தாத்தா சொன்ன மாதிரித்தான் இருந்தது, மரமும் நியாய விலையில். ஆனால் 25 வருடம் நிற்கிற மரத்தை யாரும் தனியாக வாங்குவதில்லை, நிலத்தோடுதான் கைமாறும், அதனால் மர விலை என்பது வரப்போகும் வருடங்களின் எண்ணெய் விலையை ஊகித்துப் போட்ட கணக்காக இருந்தது. எண்ணெய் விலை ஆடினால் தோட்டக் கம்பெனி லாபமும் சேர்ந்து ஆடும். மரம் குலை போடுகிற இயந்திரம் மாதிரி என்ற வாதம் எழுந்தது, அதில் நம் நாட்டுக் கணக்கு வாரியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2014இல் திருத்தம் வந்தது, 2016 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது செம்பனை, ரப்பர் மரமெல்லாம் கட்டடம், இயந்திரம் மாதிரி: நட்டு வளர்த்த செலவைச் சேர்த்து எழுதி, காய்ப்புக்கு வந்த பிறகு வருடா வருடம் தேய்மானம். ஆனால் மரத்தில் தொங்குகிற குலை மட்டும் இன்னும் 141இல்தான், நியாய விலை. பூவிலிருந்து பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும், எண்ணெயில் பெரும்பகுதி கடைசிச் சில வாரத்தில்தான் சேரும், அதனால் பல கம்பெனிகள் அடுத்த சில வாரத்தில் வெட்டப்போகும் குலையை மட்டுமே மதிப்பிடுகின்றன. தாத்தா 2016க்கு முன்னால் ஓய்வு பெற்றவராக இருந்தால் பழைய விதியைச் சொன்னதாக வைத்துக்கொள்ளலாம், வரியை அழிக்க வேண்டியதில்லை, கோமதியைத் திருத்த விடுங்கள்.

---

லயத்துக்_கவி

அக்கா, அப்படியானால் பால் மாடும் பால் கொடுக்கிற இயந்திரம்தானே? மரத்துக்கு ஒரு நியாயம் மாட்டுக்கு ஒரு நியாயமா?

---

கணக்கு_அக்கா

நல்ல கேள்வி கவி, நாங்களும் கேட்டோம். சொல்லப்பட்ட காரணத்தில் ஒன்று, மாட்டுக்குச் சந்தை இருக்கிறது. தரகர் வந்து பார்த்து விலை சொல்லிவிடுவார், பால் வற்றினால் இறைச்சிக்குப் போகும். செம்பனை மரத்தை வெட்டினால் பெரும்பாலும் உரமாக்கத்தான் ஆகும். எனக்கு இந்தப் பதில் முழுதாகத் திருப்தி இல்லை. கறவைப் பண்ணை நடத்துகிற என் வாடிக்கையாளர் ஒருவர் ஒவ்வொரு வருடமும் இதைக் கேட்டுத் திட்டுவார்.

---

பினாங்கு_சேகர்

சரி, வளர்ச்சி லாபம் என்பதை ஒத்துக்கொள்கிறேன், 2,000 சந்தை ஏற்றத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னொரு கேள்வி, விதை போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தால்? அப்போதும் கயிறு பிடித்து எண்ண முடியுமா? வரி ஆபீஸ் இந்த 15,464க்கு வரி கேட்டால் அண்ணன் தம்பி இருவரும் எங்கே போவார்கள்?

---

பழைய_கிராணி

தம்பி சேகர், நானும் கதையில் வருகிற தாத்தா மாதிரி ஆபீசில் இருந்தவன்தான், 1998இல் வெளியே வந்தேன், அதனால் அந்தத் தாத்தாவைத் திட்டாதீர்கள். விதை போட்டு ஒரு வாரம் என்றால் எண்ண ஒன்றுமில்லை, செலவான தொகையையே மதிப்பாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு நாளில் பயிர் ஒன்றும் பண்ணிவிடாது. எங்கள் காலத்தில் ஆபீசில் நிற்கிற குலையை யாரும் எழுதவில்லை. மாதக் கடைசியில் துரை கேட்பார், கறுப்புக் குலை எத்தனை, சிவப்புக் குலை எத்தனை என்று. ஆள் விட்டு எண்ணி அடுத்த மாத வெட்டுக்குக் கணக்கு சொல்வோம். அது கணக்குப் புத்தகத்துக்குப் போகாது, துரை மேசைக்குப் போகும். இப்போது அதையே புத்தகத்தில் எழுதுகிறார்கள், எண்ணுகிற வேலை அதேதான்.

கோமதி அப்பா நோட்டை மூடினார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இடம் சரியாகப் படவில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் இருக்காது. மாடு வளர்த்தவனுக்குக் கன்று விலை தெரியாதா?

---

கணக்கு_அக்கா

ஐயா சொன்ன கடைசி வரி எனக்கும் தோன்றியது.

சேகர், வரிக் கணக்கு தனி. விற்காத மாட்டின் மதிப்பு ஏறியதை வரிக் கணக்கில் எடுத்துவிட்டுத்தான் நாங்கள் போடுவோம், சேகர் சொல்கிற கைக்கு வந்த வருமானம் அங்கேதான் பெரிய விஷயம். தங்கள் விஷயத்துக்கு அவரவர் வரி முகவரைக் கேட்க வேண்டும்.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இந்த இருவரும் கம்பெனி இல்லை, அண்ணன் தம்பிக் கூட்டு, 141 போடு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. செண்டிரியான் பெர்ஹாட் என்கிற தனியார் கம்பெனிகளுக்கே தனி விதி இருக்கிறது, நியாய விலை கண்டுபிடிப்பது அளவுக்கு மீறிய செலவும் சிரமமும் என்றால் செலவுக் கணக்கிலேயே வைக்கலாம். ஆனால் பங்கு பிரிக்கும்போது செலவுக் கணக்கு யாருக்கோ அநியாயமாகிவிடும். கோமதி நோட்டின்படி போனால் சித்தப்பா 2,600 கொடுக்க வேண்டும், தாத்தா கணக்கில் அவருக்கு 7,732 வர வேண்டும். 10,332 வெள்ளி வித்தியாசம்.

---

மலர்_சிப்புட்

அக்கா, ஐயா, எல்லாருக்கும் நன்றி. அப்பா விஷயத்தை மாற்றுகிறேன். பன்றியை மறந்துவிட்டீர்களே?

---

தைப்பிங்_தேவா

பன்றி வந்தது ஜனவரி 3. டிசம்பர் 31இல் சோளம் முழுதாக நின்றது. அதனால் மதிப்பு மாறாது, சித்தப்பாவுக்கு 7,732 முழுசா. அப்பாவின் புது வருட நட்டம். இதில் பேச என்ன இருக்கிறது?

---

பினாங்கு_சேகர்

அண்ணன் மட்டும் எதற்குச் சுமக்க வேண்டும்? அரை ஏக்கர் என்றால் கால் பங்கு, 3,041 வெள்ளி போச்சு.

---

லயத்துக்_கவி

தாத்தா பத்தில் ஒரு பங்கைத் தள்ளினாரே, 1,680 வெள்ளி, அது பன்றிக்கும் சேர்த்துத்தானே? சித்தப்பா ஏற்கெனவே தன் பாதியை அங்கே விட்டுக்கொடுத்துவிட்டார். மறுபடியும் கழித்தால் அவர் ஒரே பன்றிக்கு இரண்டு தடவை பணம் கொடுக்கிறார்.

---

கணக்கு_அக்கா

கவி சொன்னதுதான் சரியான முடிச்சு. தேவா சொன்னதும் பொதுவாகச் சரி, ஆனால் பேச ஒன்று இருக்கிறது. பன்றி புதிதாக ஜனவரி 3 அன்றுதான் அந்தப் பக்கம் வந்ததா? வேலி டிசம்பர் 29இலேயே சாய்ந்து, காட்டு ஓரத்தில் குளம்புத் தடம் இருந்து, அதை யாரும் பார்க்காமலோ சொல்லாமலோ விட்டிருந்தால், 31ஆம் தேதி அந்தக் காட்டை வாங்க வந்தவன் பத்தில் ஒன்றோடு விட்டிருக்க மாட்டான், இன்னும் குறைத்துக் கேட்டிருப்பான். அப்போது தாத்தாவின் மதிப்பே கூடுதல், திருத்த வேண்டும். தடமே இல்லாமல் திடீரென்று வந்திருந்தால் தொடக்கூடாது. எவ்வளவு குறைப்பது என்று என்னைக் கேட்டால் என்னால் ஒரு எண் சொல்ல முடியாது, நான்கு தணிக்கைக்காரர் நான்கு எண் சொல்வார்கள்.

---

பழைய_கிராணி

வேலி யார் பக்கம் சாய்ந்தது என்று எழுதுங்கள் பிள்ளை. கிழக்குப் பக்கம் சித்தப்பா பார்க்கிற வேலி என்றால் கதை வேறு.

---

மலர்_சிப்புட்

ஐயோ. 29ஆம் தேதி வேலி சாய்ந்ததை அப்பா பார்த்துவிட்டார், கோமதி கயிறு பிடித்து எண்ணும்போது அந்தப் பக்கம் அவளை அழைத்துப் போகவில்லை. இதை இப்போதுதான் யோசித்தேன். அவர் நோட்டை மூடுகிற இடத்தை மறுபடி எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் போடுகிறேன்.

---

கெடா_ராஜு

அப்ப கன்று கிடைக்காதா?